ராயபுரம் – எண்ணூர் தூரம் போதுமா?

ராயபுரத்தில் கடலைப் பார்த்து நின்றுகொண்டு, இடப்பக்கம் திரும்பி நடக்கத் தொடங்குங்கள். காசிமேடு, திருவொற்றியூர், கத்திவாக்கம், எண்ணூர் என்று கரை வடக்கு நோக்கியே போகும். கொஞ்சம் கிழக்கே சாயும், அவ்வளவுதான். எண்ணூர் முகத்துவாரம் வருவதற்குள் ஏறக்குறைய 12 கிலோமீட்டர் வடக்கே வந்திருப்பீர்கள். வடக்கு தெற்காக ஒரு நீளம், அதன் இரண்டு முனைகளிலும் ஒவ்வொரு பள்ளிக்கூடம், இரண்டு மொட்டைமாடி, இரண்டு கோல். பூமியின் சுற்றளவைக் கண்டுபிடிக்க வேறென்ன வேண்டும்?

கணக்கு மிகவும் எளிது. நடுப்பகலில் ஒரு நேர்க்கோலை நிறுத்தினால் நிழல் விழும். கோலின் உயரமும் நிழலின் நீளமும் தெரிந்தால், சூரியன் தலைக்கு நேர் மேலிருந்து எத்தனை பாகை விலகி நிற்கிறது என்று தெரிந்துவிடும். போன் கால்குலேட்டரில் நிழலைக் கோலின் உயரத்தால் வகுத்து `tan⁻¹` பொத்தானை அழுத்தினால் கோணம் வரும். சூரியன் 15 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருப்பதால், அதன் ஒளி ராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் ஒரே திசையில்தான் வந்து சேருகிறது. அப்படியிருந்தும் இரண்டு இடத்திலும் கோணம் வேறுபட்டால், வேறுபடுவது ஒளி அல்ல. நம் கோல்கள்தாம் வெவ்வேறு திசையில் நிற்கின்றன. பூமி வளைந்திருக்கிறது, கோல்களும் அந்த வளைவோடு சாய்ந்து நிற்கின்றன. இரு கோல்களையும் கீழ்நோக்கி நீட்டிக்கொண்டே போனால் பூமியின் மையத்தில் சந்திக்கும். அங்கே அவற்றுக்கு இடையே உள்ள கோணமும், மேலே நாம் கண்ட கோண வித்தியாசமும் ஒன்றுதான். ஒரு முழு வட்டம் 360 பாகை. அதில் நம் கோணம் எத்தனையில் ஒரு பங்கோ, பூமியின் சுற்றளவில் நம் 12 கிலோமீட்டரும் அத்தனையில் ஒரு பங்கு.

சுமார் 2,200 ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் எரடோஸ்தனிஸ் செய்தது இதைத்தான். தெற்கே சயீன் என்ற ஊரில் ஆண்டின் மிக நீண்ட பகலன்று உச்சிவேளையில் நிழலே விழாது. அதே வேளையில் வடக்கே அலெக்சாந்திரியாவில் சூரியன் உச்சியிலிருந்து 7.2 பாகை விலகியிருந்தது. 360-ஐ 7.2-ஆல் வகுத்தால் 50. ஆக, இரண்டு ஊர்களுக்கும் இடையே உள்ள தூரத்தைப்போல் ஐம்பது மடங்கு பூமியின் சுற்றளவு. அவர் எடுத்துக்கொண்ட ஊர்கள் பல நூறு கிலோமீட்டர் தள்ளி இருந்தன. நமக்கு 12 கிலோமீட்டர்தான் இருக்கிறது. அது போதுமா?

இரண்டு மில்லிமீட்டர்

செய்வதற்கு முன்பே கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். இரவும் பகலும் சமமாக இருக்கும் செப்டம்பர் 22, 23 வாக்கில் சூரியன் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே இருக்கும். அன்று ஒரு மீட்டர் கோலை நிறுத்தினால், நடுப்பகல் நிழல் ராயபுரத்தில் ஏறக்குறைய 23.3 சென்டிமீட்டரும் எண்ணூரில் 23.5 சென்டிமீட்டரும் இருக்கும். வித்தியாசம் இரண்டே மில்லிமீட்டர். கோணத்தில் சொன்னால் 0.11 பாகை.

இரண்டு பள்ளியிலும் துல்லியமாக அளந்துவிட்டால் விடை அழகாக வரும்: 12 × 360 ÷ 0.11, சுமார் 39,000 கிலோமீட்டர். ஆனால் ராயபுரத்துப் பிள்ளைகள் ஒரு மில்லிமீட்டர் கூடுதலாகவும் எண்ணூர்ப் பிள்ளைகள் ஒரு மில்லிமீட்டர் குறைவாகவும் குறித்துவிட்டார்கள் என்று வையுங்கள். இரண்டு நிழலும் சமம். கோண வித்தியாசம் சுழி. பூமி தட்டை என்றாகிவிடும்! தவறு எதிர்ப்பக்கமாக நடந்தால் வித்தியாசம் நான்கு மில்லிமீட்டராகி, பூமி 20,000 கிலோமீட்டருக்குச் சுருங்கிவிடும். ஒரு மில்லிமீட்டர் தவறு இந்தப் பாடு படுத்துகிறது.

சரி, ஒரு மில்லிமீட்டர்கூடத் தவறாமல் அளக்க முடியாதா? வெயிலில் கோலை நிறுத்தி, நிழலின் நுனிக்கு அருகே குனிந்து பாருங்கள். கருநிழல் சட்டென்று முடியாது. கருப்பு மெல்ல மெல்ல வெளிறி, சாம்பலாகி, பிறகு வெளிச்சத்தில் கரைந்துபோகும். எந்த இடத்தில் நிழல் முடிகிறது என்று இரண்டு பேரைக் கேட்டால் இரண்டு இடத்தைக் காட்டுவார்கள். ஒரு மீட்டர் கோலுக்கு அந்த மங்கல் பட்டை ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் அகலம். நமக்குத் தேவையான இரண்டு மில்லிமீட்டர் அந்த ஒரு சென்டிமீட்டர் மங்கலுக்குள் ஒளிந்துகிடக்கிறது.

மங்கலுக்குக் காரணம் சூரியன்தான். அது ஒரு புள்ளி இல்லை, வட்டம். நம் கண்ணுக்கு அந்த வட்டத்தின் அகலம் சுமார் அரைப் பாகை. அதன் மேல் விளிம்பிலிருந்து வரும் ஒளி ஒரு நிழல் போடுகிறது, கீழ் விளிம்பிலிருந்து வரும் ஒளி கொஞ்சம் நீளமான இன்னொரு நிழல் போடுகிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட பகுதியே அந்தச் சாம்பல் பட்டை. நாம் பிடிக்க நினைப்பதோ 0.11 பாகை. சூரியனின் அகலத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான்.

இந்த இடத்தில் பிள்ளைகள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “அண்ணா, கோல் சின்னதா இருக்கறதாலதானே இப்படி? அதோ தெரியுதே, அந்தப் புகைபோக்கியோட நிழலை அளந்தா?”

நல்ல கேள்வி. எண்ணூர், மணலிப் பக்கம் புகைபோக்கிகளுக்குப் பஞ்சமில்லை. 100 மீட்டர் உயரப் புகைபோக்கி ராயபுரத்தில் ஒன்றும் எண்ணூரில் ஒன்றும் இருந்தால், நிழல்களின் வித்தியாசம் 20 சென்டிமீட்டராகப் பெருகும். ஆனால் மங்கல் பட்டையும் கூடவே பெருகி ஒரு மீட்டர் அகலமாகிவிடும். உயரத்தைக் கூட்டினால் இரண்டும் ஒரே விகிதத்தில்தான் வளர்கின்றன. மங்கலுக்குள் வித்தியாசம் ஒளிந்துகொள்வது அப்படியேதான் இருக்கும். பெரிதாக்க வேண்டியது கோலை அல்ல, இரண்டு இடங்களுக்கும் நடுவே உள்ள தூரத்தை.

பரங்கிமலையில் ஒரு 12 கிலோமீட்டர்

இதே சென்னையில், இதே அளவு நீளத்தை வைத்துக்கொண்டு பூமியை அளக்கத் தொடங்கியவர் ஒருவர் இருந்தார். வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி. 1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலைக்கு அருகே சமதரையில் ஒரு நேர்கோட்டை அளக்க ஆரம்பித்தார். நீளம் ஏழரை மைல், அதாவது 12 கிலோமீட்டர். ஏறக்குறைய நம் ராயபுரம் – எண்ணூர் தூரம்!

அவர் கையில் இருந்தது 100 அடி நீள எஃகுச் சங்கிலி. அதைத் தரையில் போட்டு இழுத்துக்கொண்டு போகவில்லை. மரத்தொட்டிகளில் கிடத்தி, தொட்டிகளை முக்காலிகள் மேல் மட்டமாக நிறுத்தி, வெயில் படாமல் கூடாரத்தால் மறைத்து, பக்கத்தில் வெப்பமானி வைத்து அளந்தார். ஏன் இத்தனை பாடு? எஃகு சூட்டில் நீளும். 100 அடிச் சங்கிலி ஒரு டிகிரி செல்சியஸ் சூடேறினால் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு நீளும். அது ஒன்றுமில்லை என்று தோன்றும். ஆனால் 12 கிலோமீட்டருக்குச் சங்கிலியை 400 முறை போட வேண்டும். காலைக்கும் மதியத்துக்கும் பத்து டிகிரி வேறுபட்டால், மொத்தத்தில் ஒன்றரை மீட்டர் வரை பிசகிவிடும். சித்திரை வெயிலில் சென்னையில் இருந்தவர்களுக்கு அந்தப் பத்து டிகிரியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த ஒரு கோட்டோடு சங்கிலி வேலை முடிந்தது. ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கமும் கோணங்களும் தெரிந்தால் மற்ற இரண்டு பக்கங்களையும் கணக்கிட்டுவிடலாம் என்று நீங்கள் படித்திருப்பீர்கள், அல்லது இனிமேல் படிப்பீர்கள். லாம்டன் அந்தக் கோட்டின் இரு முனைகளிலிருந்தும் தூரத்துக் குன்று ஒன்றைப் பார்த்துக் கோணம் எடுத்தார். முக்கோணம் கிடைத்தது. அதன் புதுப் பக்கத்தின் மேல் அடுத்த முக்கோணம், அதன் மேல் இன்னொன்று. இப்படியே கடலூருக்குப் பக்கத்திலிருந்து சென்னைக்கு வடக்கே வரை, நடந்து அளக்காமலே, சுமார் 175 கிலோமீட்டர் தூரத்தைக் கணக்கிட்டார்.

இனி கோணம் வேண்டும். அதற்கு அவர் சூரியனைத் தொடவே இல்லை. இரவில், தலைக்கு மேலாகக் கடக்கும் நட்சத்திரங்களை நீளமான தொலைநோக்கி வழியே பார்த்தார். நட்சத்திரம் நமக்கு வெறும் புள்ளி. அரைப் பாகை அகலமும் இல்லை, மங்கல் பட்டையும் இல்லை. தலைக்கு மேலே உள்ள நட்சத்திரத்தைத் தேர்ந்ததற்கும் காரணம் உண்டு. அடிவானத்துக்கு அருகே இருந்து வரும் ஒளியைக் காற்று வளைத்துவிடும். நேர் மேலிருந்து வரும் ஒளி ஏறக்குறைய வளையாமல் இறங்கும். சென்னை வானில் ரோகிணி நட்சத்திரம் உச்சிக்கு மூன்று பாகை அருகிலேயே கடந்துபோகும். இந்த வேலைக்கு அதுபோன்ற நட்சத்திரங்கள்தாம் தோதானவை. தெற்கு முனையில் ஒரு நட்சத்திரம் உச்சியிலிருந்து எவ்வளவு விலகிக் கடக்கிறது, அதே நட்சத்திரம் வடக்கு முனையில் எவ்வளவு விலகிக் கடக்கிறது என்று பார்த்தால், இரண்டின் வித்தியாசமே நாம் தேடும் கோணம். அவருக்குக் கிடைத்தது ஒன்றரைப் பாகைக்குச் சற்றே அதிகம். தூரத்தை அந்தக் கோணத்தால் வகுத்து, ஒரு பாகைக்கு 110.6 கிலோமீட்டர் என்று கண்டார். இன்று செயற்கைக்கோள் கொண்டு பெறும் அளவும் இந்தப் பகுதிக்கு அதே 110.6 கிலோமீட்டர்தான். அந்த முக்கோணங்கள் அதன் பிறகு கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்து இமயமலை அடிவாரம் வரை நீண்டன.

திருவொற்றியூரும் கன்னியாகுமரியும்

நம்மிடம் லாம்டனின் கருவிகள் இல்லை. ஆனால் அவரிடம் இல்லாதது ஒன்று நம்மிடம் இருக்கிறது: 500 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் நண்பனோடு அதே நிமிடத்தில் போனில் பேசலாம். ஆகவே ராயபுரத்தையும் எண்ணூரையும் ஒரே பக்கத்துக்குச் சேர்த்துவிட்டு, மறுபக்கத்துக்குத் தமிழ்நாட்டின் தென்கோடியை எடுத்துக்கொள்வோம். திருவொற்றியூர் ஏறக்குறைய 13.16 பாகை வடக்கு அட்சக்கோட்டில் இருக்கிறது. கன்னியாகுமரி 8.08 பாகையில். கோண வித்தியாசம் 5.08 பாகை. இது சூரியனின் அகலத்தைப்போல் பத்து மடங்கு, மங்கலுக்குள் ஒளியாது.

நாள் எது? ஏப்ரல் 24 அல்லது 25. அந்த நாட்களில் சூரியன் வடசென்னைக்கு நேர் மேலே வந்துவிடும். ‘நிழலில்லா நாள்’ என்று அதைத்தான் சொல்கிறார்கள். ஆகஸ்ட் 18 வாக்கில் இன்னொரு முறை வரும், ஆனால் அப்போது மேகம் காலை வாரிவிடும். ஏப்ரலில் வானம் பெரும்பாலும் வெறுமையாக இருக்கும். எரடோஸ்தனிஸின் சயீனைப்போல் அன்று நம் திருவொற்றியூர்.

கோலுக்குப் பதில் ஒரு சிறு ஏற்பாடு செய்துகொள்ளலாம். கெட்டி அட்டை ஒன்றில் மூன்று மில்லிமீட்டர் ஓட்டை போட்டு, தரையிலிருந்து சரியாக ஒரு மீட்டர் உயரத்தில், பெஞ்சு விளிம்பிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி கிடைமட்டமாக ஒட்டிவிடுங்கள். கீழே தரையில் வெள்ளைத்தாள். வெயில் அட்டையில் பட்டால், அட்டையின் நிழலுக்கு நடுவே ஒளிவட்டம் ஒன்று விழும், ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றே பெரிதாக. அது ஓட்டையின் வடிவமல்ல, சூரியனின் பிம்பம். ஓட்டையைச் சதுரமாக வெட்டினாலும் பிம்பம் ஏறக்குறைய வட்டமாகவே விழும், செய்து பாருங்கள். மங்கிக் கரையும் நிழல்நுனியைத் தேடுவதைவிட ஒரு வட்டத்தின் மையத்தைக் குறிப்பது எவ்வளவோ சுலபம். ஒரு மில்லிமீட்டருக்குள் குறித்துவிடலாம். சூரியனை நேராகப் பார்க்க வேண்டிய தேவையும் இல்லை. பார்க்கவும் கூடாது, தாளைப் பார்த்தால் போதும்.

இதில் எல்லாவற்றையும்விடக் கவனம் வேண்டிய இடம் ஒன்று உண்டு. பலர் நிழலை அளப்பதில் கண்ணும் கருத்துமாக இருப்பார்கள், கோல் நேராக நிற்கிறதா என்று பார்க்கமாட்டார்கள். ஒரு மீட்டர் கோல் அரைப் பாகை சாய்ந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் விடையில் அந்த அரைப் பாகை அப்படியே வந்து உட்காரும். 5 பாகையில் அரைப் பாகை என்றால் பத்தில் ஒரு பங்கு, பூமியில் 4,000 கிலோமீட்டர்! இதற்கு மருந்து கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டு. மெல்லிய நூலில் ஒரு நட்டைக் கட்டி, ஓட்டை வழியாகத் தொங்கவிட்டு, ஆட்டம் நின்றதும் தாளில் அது சுட்டும் புள்ளியைக் குறியுங்கள். அதுதான் ‘அடிப்புள்ளி’. நிழலை அந்தப் புள்ளியிலிருந்தே அளக்க வேண்டும், பெஞ்சின் காலிலிருந்து அல்ல. இப்படிச் செய்தால் பெஞ்சு சாய்ந்திருந்தாலும் கவலையில்லை. கடற்காற்று வீசினால் நட்டு ஆடும். காற்று தணியும் காலை நேரத்திலேயே அடிப்புள்ளியைக் குறித்துவிட்டால் நல்லது. அதன்பின் பெஞ்சை யாரும் அசைக்கக் கூடாது.

நடுப்பகலுக்குப் பத்து நிமிடம் முன்பிருந்து பத்து நிமிடம் பின்வரை, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஒளிவட்டத்தின் மையத்தைப் புள்ளி வைத்துக்கொண்டே வாருங்கள். புள்ளிகள் மேற்கிலிருந்து கிழக்காக ஏறக்குறைய ஒரு நேர்கோட்டில் நகரும். எல்லாப் புள்ளிகளுக்கும் நடுவாக ஒரு கோடு போட்டு, அடிப்புள்ளியிலிருந்து அந்தக் கோட்டுக்குச் செங்குத்தாக எவ்வளவு தூரம் என்று அளந்தால் அதுதான் நடுப்பகல் நிழல். ஒரு புள்ளி தப்பினாலும் மற்றவை காப்பாற்றும். கோடு போட்டபின் கடிகாரமும் வேண்டாம்.

திருவொற்றியூர்த் தாளில் அந்தக் கோடு அடிப்புள்ளியின் மேலேயே, அல்லது மிக அருகே போகும். கன்னியாகுமரித் தாளில் 8.9 சென்டிமீட்டர் தள்ளிப் போகும், அதுவும் தெற்கே! நம் ஊரில் நடுப்பகல் நிழல் என்றாலே வடக்கே விழும் என்று நினைப்பவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். சூரியன் அன்று சென்னைக்கு மேலே இருக்கிறது. கன்னியாகுமரியிலிருந்து பார்த்தால் அது வடக்கு. அதனால் நிழல் தெற்கு.

8.9-ஐ 100-ஆல் வகுத்து `tan⁻¹` போட்டால் 5.09 பாகை. இரண்டு ஊருக்கும் இடையே வடக்கு தெற்காக உள்ள தூரம் 562 கிலோமீட்டர். 562 × 360 ÷ 5.09 என்றால் ஏறக்குறைய 39,750 கிலோமீட்டர். துருவங்கள் வழியாகப் பூமியைச் சுற்றிவந்தால் உண்மையான சுற்றளவு 40,008. ஒரு மில்லிமீட்டர் தவறினால் விடை 450 கிலோமீட்டர்போல் இப்படியோ அப்படியோ நகரும். ராயபுரத்தையும் எண்ணூரையும் வைத்துக்கொண்டு பூமியையே தட்டையாக்கிய அதே ஒரு மில்லிமீட்டர்தான் இது.

திருவொற்றியூரில் கோடு அடிப்புள்ளியைச் சரியாகத் தொடவில்லை என்றால் அதையும் விடாதீர்கள். சூரியன் ஒரு நாளைக்கு மூன்றில் ஒரு பாகை வடக்கே நகர்வதால் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் மிச்சம் இருப்பது இயல்புதான். அந்த மிச்சத்துக்கும் கோணம் கண்டுபிடியுங்கள். அது வடக்கே விழுந்திருந்தால், சூரியன் இரண்டு ஊருக்கும் நடுவே இருக்கிறது என்று பொருள், கோணங்களைக் கூட்டுங்கள். தெற்கே விழுந்திருந்தால் இரண்டு நிழலும் ஒரே பக்கம், கழியுங்கள். ஏப்ரல் 11 முதல் 24 வரை எந்த நாளில் செய்தாலும் சூரியன் இரண்டு ஊருக்கும் நடுவில்தான் இருக்கும். அந்த நாட்களில் ஒரே தமிழ்நாட்டில் ஒரே மதியத்தில் சென்னைக்கு நிழல் வடக்கே, குமரிக்குத் தெற்கே.

எந்தத் தூரம், எந்த நேரம்

562 கிலோமீட்டர் எங்கிருந்து வந்தது? எழும்பூரிலிருந்து கன்னியாகுமரிக்கு ரயிலில் போனால் ஏறக்குறைய 740 கிலோமீட்டர் ஆயிற்றே? ரயில் பாதை விழுப்புரம், திருச்சி, மதுரை என்று வளைந்து வளைந்து போகிறது. அந்தத் தூரத்தைப் போட்டால் பூமி 52,000 கிலோமீட்டருக்கு வீங்கிவிடும். வரைபடத்தில் ஸ்கேல் வைத்து இரண்டு ஊரையும் நேர்கோட்டால் இணைத்தால் 637 கிலோமீட்டர் வரும். அதைப் போட்டாலும் 45,000. கன்னியாகுமரி சென்னைக்கு நேர் தெற்கே இல்லை, மேற்கே நன்றாக ஒதுங்கியிருக்கிறது. நமக்கு வேண்டியது வடக்கு தெற்கு இடைவெளி மட்டும். அட்லஸில் திருவொற்றியூர் வழியாகக் கிழக்கு மேற்காக ஒரு கோடு, கன்னியாகுமரி வழியாக இன்னொரு கோடு போட்டு, இரண்டு கோடுகளுக்கும் நடுவே எவ்வளவு என்று அளந்தால் 562 வரும். அட்லஸின் அளவுத்திட்டத்துக்குப் பின்னால் இருப்பது லாம்டனும் அவருக்குப் பின் வந்தவர்களும் போட்ட சங்கிலியும் முக்கோணங்களும்தாம்.

கன்னியாகுமரி மேற்கே இருப்பதால் இன்னொரு சிக்கலும் வருகிறது. அங்கே நடுப்பகல் தாமதமாக வரும். ஏப்ரல் 24 அன்று சென்னையில் சூரியன் உச்சிக்கு வருவது 12 மணி 7 நிமிடத்துக்கு. கன்னியாகுமரியில் 12 மணி 18 நிமிடத்துக்கு. கடிகாரம் இந்தியா முழுவதும் ஒன்றுதான், சூரியனுக்கு அது தெரியாது. எனவே ஒவ்வொரு ஊரும் தன் தன் நடுப்பகலில்தான் அளக்க வேண்டும்.

“அப்போ 12:07-க்கே ரெண்டு ஊர்லயும் ஒரே நேரத்துல அளந்தா தப்பா?” என்று கேட்டால், அதற்கு மிக அழகான பதில் இருக்கிறது. 12:07-க்குக் கன்னியாகுமரியில் ஒளிவட்டம் தென்மேற்காகச் சாய்ந்து, அடிப்புள்ளியிலிருந்து 10.1 சென்டிமீட்டர் தள்ளி நிற்கும். கோணம் 5.76 பாகை. இதை 562 கிலோமீட்டரோடு சேர்த்தால் விடை தவறு. ஆனால் அந்த நிமிடத்தில் சூரியன் திருவொற்றியூருக்கு நேர் மேலே இருக்கிறது. அப்படியானால் கன்னியாகுமரியில் கிடைத்த 5.76 பாகை இரண்டு ஊருக்கும் நடுவே உள்ள முழுக்கோணம், சாய்ந்த நேர்கோட்டின் கோணம். அதோடு சேர வேண்டியது சாய்ந்த தூரமான 637 கிலோமீட்டர். போட்டுப் பாருங்கள்: 637 × 360 ÷ 5.76, மறுபடியும் 39,800! நடுப்பகல் கோணத்துக்கு வடக்கு தெற்குத் தூரம், ஒரே நேரக் கோணத்துக்கு நேர்கோட்டுத் தூரம். ஒன்றோடொன்றை மாற்றிக் கோத்தால்தான் தவறு. ஒரே நேரத்தில் அளக்கும் இந்த வழி, ஓர் ஊரில் நிழல் சுழியாக இருக்கும்போது மட்டும்தான் இவ்வளவு சுலபமாகச் செல்லும்.

கூர்ந்து படித்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். எந்த வழியில் போட்டாலும் விடை 39,800-ஐச் சுற்றியே வருகிறது, 40,008-ஐத் தொடவில்லை. லாம்டனின் 110.6-ஐ 360-ஆல் பெருக்கினாலும் 39,816தான். இது அளவில் வந்த பிழை இல்லை. பூமி துருவங்களில் சற்றுத் தட்டையாக, நிலநடுக்கோட்டில் சற்றுப் பருத்து இருக்கிறது. அதனால் நிலநடுக்கோட்டுக்கு அருகில் வடக்கு தெற்கு வளைவு கொஞ்சம் கூர்மையாக இருக்கிறது, குறைந்த தூரம் போனாலே ஒரு பாகை வளைந்துவிடுகிறது. தமிழ்நாட்டில் ஒரு பாகைக்கு 110.6 கிலோமீட்டர். துருவங்களின் அருகே 111.7. பூமியின் இந்தப் பருமனை அளப்பதுதான் லாம்டனின் பெரிய ஆசை. நம் அட்டை ஓட்டையில் அது தெரியாது. அந்த 200 கிலோமீட்டர் வித்தியாசம், நாம் தவறவிடக்கூடிய அந்த ஒரு மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது.

எண்ணூர்ப் பிள்ளைகளுக்கு இன்னொரு ஜோடி ஊரும் இருக்கிறது. எண்ணூரிலிருந்து நேர் தெற்கே ஒரு கோடு போட்டால் அது உடனே கடலில் இறங்கி, வங்கக்கடல் வழியாகவே போய், இலங்கையில் கிளிநொச்சிக்குப் பக்கத்தில் கரையேறும். இரண்டு ஊரின் தீர்க்கக்கோடும் ஏறக்குறைய ஒன்று. கடிகாரமும் ஒன்றுதான், இலங்கை நேரமும் இந்திய நேரமும் சமம். நடுப்பகல் இரண்டிலும் அரை நிமிட வித்தியாசத்துக்குள் வந்துவிடும். சாய்ந்த தூரமா நேர்த் தூரமா என்ற குழப்பம் இல்லை, தப்பாகப் போடுவதற்கு ரயில் பாதையும் இல்லை. கிளிநொச்சிப் பள்ளி ஒன்றில் உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது இருந்தால் செப்டம்பர் 22 அல்லது 23-க்கு இப்போதே சொல்லிவையுங்கள். அன்று இரண்டு நிழலும் வடக்கேதான் விழும், ஆகவே கோணங்களைக் கழிக்க வேண்டும். ஒரு மீட்டர் உயரத்துக்கு எண்ணூரில் ஏறக்குறைய 23.5 சென்டிமீட்டர், கிளிநொச்சியில் 16.5 சென்டிமீட்டர் என்று எதிர்பார்க்கலாம். வரைபடத்தில் தூரம் 424 கிலோமீட்டர். விடை என்ன வருகிறது என்று இன்றைக்கே போட்டுவைத்துக்கொண்டு, செப்டம்பரில் தாளில் விழும் புள்ளிகளோடு ஒத்துப் பாருங்கள்.